ஐம்பது தொகுதி "கிழக்கின் புனித நூல்கள்" வரிசையில் ஒரு தமிழ் நூல் கூட இல்லையே, ஏன்?

தேரடித்தெரு:
போன வாரம் எங்கள் ஊர் பழைய நூலகத்தில் மேல்மாடி அலமாரியைத் தூசு தட்டும் வேலைக்கு நானும் போயிருந்தேன். அங்கே மாக்ஸ் முல்லர் பதிப்பித்த "சேக்ரட் புக்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்" முழு செட்டும் இருந்தது, மோதிலால் பனார்சிதாஸ் மறுபதிப்பு. 1879இல் முதல் தொகுதி, 1910இல் ஐம்பதாவது, அது வெறும் பொருளகராதி. இந்த வரிசையைத்தான் மத ஒப்பீடு என்ற துறைக்கே அடித்தளம் என்று படித்திருக்கிறேன், அதனால் ஆசையாக முதுகு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். உபநிடதம், மனு, குர்ஆன், தம்மபதம், கன்பூசியஸ், பார்சிகளின் அவெஸ்தா, எல்லாம் இருக்கிறது. தேவாரம் இல்லை, திருவாசகம் இல்லை, திருவாய்மொழி இல்லை, திருமந்திரம் இல்லை.

சமயப் பாடல்கள் இவ்வளவு குவிந்து கிடக்கிற ஒரு மொழி எப்படி முழுசாக விடுபட்டது? அவர்களுக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாதா, இல்லை தெரிந்தும் ஒதுக்கினார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர்கடை:
செட் எவ்வளவுக்குத் தருகிறீர்கள்? என்னிடம் 32 தொகுதி இருக்கிறது, 25ஆம் தொகுதி மட்டும் ரெண்டு பிரதி. மாற்றிக்கொள்ளலாம்.

தேரடித்தெரு:
நண்பரே, விற்பனைக்கு இல்லை, நூலகச் சொத்து. கேள்வியே வேறு.

வேல்முனை:
இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. மாக்ஸ் முல்லர் மெக்காலே சம்பளம் கொடுத்து வைத்த ஆள். வேதத்தைத் தப்பும் தவறுமாக மொழிபெயர்த்து இந்தியர்களை மதம் மாற்றுவதற்காகவே கிழக்கிந்தியக் கம்பெனி பணம் கொட்டியது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் தேவாரத்தைத் தொடாமல் விட்டது நல்லதுதான் என்பேன்.

சுவடியம்மா:
முப்பது வருடம் பல்கலைக்கழக நூலகத்தில் இந்த ஐம்பது தொகுதிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். தம்பி வேல்முனை சொன்னதில் பாதி சரி, பாதி வாட்ஸப். முதலில் அதைப் பிரித்துவிடுகிறேன்.

கம்பெனி பணம் கொடுத்தது உண்மை. ஆனால் எதற்கு? ரிக்வேதத்தின் சமஸ்கிருத மூலத்தையும் சாயணர் உரையையும் அச்சிட. ஒப்பந்தம் 1847இல் ஆனது, முதல் தொகுதி 1849, ஆறாவது 1874. மெக்காலேயை முல்லர் சந்தித்துப் பேசியது 1855இல், வேலை ஆரம்பித்து எட்டு வருடம் கழித்து. அந்தச் சந்திப்பில் மெக்காலேதான் பேசித் தீர்த்தார், இவர் வாயைத் திறக்கவே முடியாமல் மனசு உடைந்து திரும்பியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே மெக்காலே வைத்த ஆள் என்ற கதை நிற்காது.

கடிதம் உண்மை. 1860களில் மனைவிக்கு எழுதியது, அவர் இறந்த பிறகு 1902இல் அந்த அம்மாவே வெளியிட்டார். வேதம்தான் இந்தியர்களின் மதத்துக்கு வேர், அந்த வேர் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கே காட்டினால்தான் மூவாயிரம் வருடமாக அதிலிருந்து முளைத்ததை எல்லாம் பிடுங்க முடியும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். இதைப் பூசி மெழுக நான் வரவில்லை. ஆனால் "வேர்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தேரடித்தெரு கேட்ட கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. ஒரு மதம் என்றால் அதன் மிகப் பழைய புத்தகம், பிறகு வந்ததெல்லாம் அந்த வேரின் மேல் ஏறிய காளான், இதுதான் அவர் மனதில் இருந்த படம்.

இது முல்லரின் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. டெஸ்ஸாவில் பிறந்த லுத்தரன் வீட்டுப் பிள்ளை அவர். போப்பும் பாதிரியும் சடங்கும் புனிதர் வழிபாடும் பின்னால் வந்து சேர்ந்த அழுக்கு, உண்மையான கிறிஸ்தவம் பைபிளில் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த தலைமுறை. இங்கிலாந்திலும் ஹாலந்திலும் இந்தத் துறையைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் அதே வளர்ப்புதான். அதே சட்டையைத்தான் இந்தியாவுக்கும் தைத்தார்கள். போப்பின் இடத்தில் பிராமணப் புரோகிதர், பைபிளின் இடத்தில் வேதம், புனிதர் சிலைகளின் இடத்தில் கோயில். அப்படிப் பார்க்கிறவருக்கு ஏழாம் நூற்றாண்டுத் தேவாரம் ரொம்பத் தாமதமாக வந்த சங்கதி.

இன்னொன்றும் உண்டு. முதல் தொகுதியின் முன்னுரையில் எந்த மதங்களைச் சேர்க்கிறோம் என்று கணக்குச் சொல்கிறார். புனித நூலின் மேல் எழுந்த மதமாக இருக்க வேண்டும், அந்த நூல் கைப்பிரதியாகக் கிடைக்க வேண்டும். யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கில் ஆறு மதம் தேறுகிறது: பிராமணர், புத்தர், ஜரதுஷ்டிரர், கன்பூசியஸ், லாவோட்சு, முகமது நபி. "பிராமணர்களின் மதம்" என்றுதான் எழுதுகிறார். சைவம் வைணவம் என்று தனிப்பெட்டி கிடையாது. நம் நாயன்மாருக்கு வாசலிலேயே இடம் இல்லை.

தேரடித்தெரு:
அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இன்று மறுபடி மாடிக்குப் போய் எண்ணினேன். கைபேசியில் குறித்துக்கொண்டு வந்தது இது.

பொருளகராதியை விட்டால் 49. அதில் இந்து நூல்கள் 21, பௌத்தம் 10, சமணம் 2, பார்சி 8, சீனா 6, இஸ்லாம் 2. பார்சிகளுக்கு எட்டு, இஸ்லாமுக்கு இரண்டு! அந்த இரண்டும் ஒரே குர்ஆன் இரண்டாகப் பிரிந்தது. ஹதீஸ் இல்லை, சூஃபிகள் இல்லை.

இந்து 21இல் சதபத பிராமணம் மட்டும் ஐந்து தொகுதி, யாகத்தில் செங்கல்லை எப்படி அடுக்குவது என்பது வரை போகிறது. தர்மசாஸ்திரம், அதாவது சட்ட நூல், இன்னொரு ஐந்து. ராமாயணம் இல்லை. மகாபாரதத்தில் கீதையும் அதோடு இரண்டு சின்னப் பகுதிகளும் ஒரே தொகுதியில். புராணம் ஒன்று கூட இல்லை. மதுரையில் மீனாட்சியைக் கும்பிடுகிற ஒருவர் இந்த 21ஐயும் படித்தால் தன் மதம் எது என்றே கண்டுபிடிக்க மாட்டார்.

சட்ட நூலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு இடம்?

சுவடியம்மா:
எண்ணியதற்கு நன்றி தம்பி, என் கணக்கும் அதுவே. பாதிச் செலவு இந்தியா ஆபீஸ், பாதி ஆக்ஸ்போர்டு அச்சகம். முதலில் 24 தொகுதி என்றுதான் பேச்சு. மனுவை மொழிபெயர்த்த பியூலர் பம்பாயில் வேலை பார்த்தபோது நீதிமன்றத்துக்காக இந்து சட்டத் தொகுப்பு செய்தவர். பணம் போட்டவருக்கு எது உதவும் என்பதும், மொழிபெயர்க்க யார் கையில் இருந்தார்கள் என்பதும் சேர்ந்து அலமாரியை நிரப்பின. இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு வரும் பட்சணம்தான் இலையில் விழும், அந்த மாதிரி.

முல்லருக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் கீழை நூல்களிலிருந்து முத்து முத்தாக நாலு வரி பொறுக்கிப் போட்டு ஆகா ஓகோ என்று எழுதுவது வழக்கம். இவர் அதை எதிர்த்தார், முழுசாகப் போடுங்கள் என்றார். அதே முன்னுரையில், இந்த நூல்களில் இத்தனை அழகோடு சேர்ந்து இத்தனை அர்த்தமற்றதும் அருவருப்பானதும் ஏன் இருக்கிறது என்று பல வருடமாகப் புரியவில்லை என்றும் எழுதுகிறார். நேர்மையும் முகச்சுளிப்பும் ஒரே பக்கத்தில்.

மலர்க்கொடி_ஆசிரியை:
நான் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நீங்கள் பேசுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் எழுதுவது பற்றி என்று நினைத்து உள்ளே வந்தேன், தலைப்பு வேறாக இருக்கிறது. இருந்தாலும் என் அனுபவம் ஒன்று.

உலக மதங்கள் பற்றிப் பாடம் வந்தபோது கரும்பலகையில் நாலு கட்டம் போட்டேன்: மதம், நிறுவியவர், புனித நூல், வழிபாட்டிடம். எல்லா வழிகாட்டியிலும் அப்படித்தான் இருக்கும். கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் எல்லாம் மளமளவென்று நிரம்பின. இந்து மதத்துக்கு நிறுவியவர் கட்டத்தில் கோடு போட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "டீச்சர், எங்க கருப்பசாமிக்கு என்ன புக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கட்டத்தை நிரப்பப் பார்த்தான். அவன் அப்பா சாமியாடி. நான் "அது கிராமத்து வழிபாடு, மதத்துக்குள்ளே வரும்" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நாலு கட்டம் இந்த முல்லர் போட்டதுதானா?

சுவடியம்மா:
உங்கள் கரும்பலகைக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நேர்க்கோடு போட என்னிடம் ஆதாரம் இல்லை டீச்சர். ஆனால் வார்ப்பு அதே வார்ப்பு. 1870இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் முல்லர் "மத அறிவியல்" என்று நாலு சொற்பொழிவு நடத்தினார், துறைக்கு அறிக்கை மாதிரி அதைத்தான் சொல்வார்கள். ஒரே மதத்தை மட்டும் அறிந்தவன் எந்த மதத்தையும் அறியான் என்ற வாக்கியம் அங்கேதான் வருகிறது. மொழியைப் பற்றி கெத்தே சொன்னதை மதத்துக்கு மாற்றிப் போட்டார். அங்கே நூல் உள்ள மதங்களை மொழிக் குடும்பப்படி பிரிக்கிறார். ஆரிய மொழிக்காரர்களுக்கு ஒரு கூட்டம், செமிட்டிக்குக்கு ஒரு கூட்டம், சீனாவுக்கு ஒன்று. நூல் இல்லாதவர்கள் எல்லாம் பின்வாசல் வழியாக வருகிறார்கள்.

நூல் இல்லாதவர்களை எடுத்துக்கொண்டது அடுத்த ஆள், எட்வர்ட் டைலர். 1871இல் வந்த அவருடைய புத்தகம் மதத்தின் முதல் படி "எல்லாவற்றிலும் ஆவி இருக்கிறது என்று நம்புவது" என்றது. கருப்பசாமியை அவரிடம் கொண்டுபோனால் முதல் படியின் மிச்சம் என்று சீட்டு ஒட்டியிருப்பார். புத்தகம் இருந்தால் முல்லர் மேசை, இல்லாவிட்டால் டைலர் மேசை. உங்கள் மாணவன் இரண்டு மேசைக்கும் நடுவில் நிற்கிறான்.

வேல்முனை:
திராவிட மொழிகளை அவர் எங்கே வைத்தார்? துரானியம் என்று ஒரு குப்பைக்கூடை வைத்திருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

சுவடியம்மா:
இது சரியான தகவல் தம்பி. 1854இல் எழுதிய நீண்ட கடிதக் கட்டுரை ஒன்றில் துருக்கி, மங்கோலியம், தமிழ் எல்லாவற்றையும் சேர்த்துத் துரானியம் என்று கட்டினார். ஆரியமும் இல்லை செமிட்டிக்கும் இல்லை என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய பொருத்தம் கிடையாது. இரண்டு வருடம் கழித்துக் கால்டுவெல்லும் தமிழைச் சித்தியக் குடும்பத்தோடு உறவு சேர்த்துத்தான் பேசினார். மொழிக்குடும்பம் எதுவோ அதுதான் மதக்குடும்பம் என்று ஆனபிறகு தமிழின் மதத்துக்கு என்ன இடம் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அலைவாய்க்கரை:
தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். டீச்சரின் கருப்பசாமிக்கு ஒரு பதில் எங்கள் கடற்கரையில் உண்டு.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, முல்லருக்கு நூற்றைம்பது வருடம் முந்தியவர், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று ஜெர்மனில் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அதில் சிவன் விஷ்ணு மட்டும் இல்லை. அய்யனார் இருக்கிறார், மாரியம்மன், எல்லம்மன், பிடாரி எல்லாரும் வருகிறார்கள். எந்தத் தெய்வத்துக்கு எப்படிக் கோயில், என்ன படையல், யார் கும்பிடுகிறார்கள் என்று எழுதுகிறார். எப்படித் தெரிந்துகொண்டார் என்பதுதான் முக்கியம். ஓலைச்சுவடி படித்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. தமிழர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி பதில் வாங்கினார். அந்தப் பதில் கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகவும் செய்தன. உயிரோடு இருக்கும் ஆளிடம் "உங்கள் சாமி யார், ஏன் கும்பிடுகிறீர்கள்" என்று கேட்டுப் பதில் எழுதி வாங்கிய வேலை அது.

கையெழுத்துப் பிரதி ஹாலேக்குப் போனது. அங்கே மிஷனுக்கு மேலாளராக இருந்த ஃபிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அஞ்ஞானப் பிதற்றலை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்றாராம். புத்தகம் அச்சேறியது 1867இல், அதுவும் நம் சென்னையில். 154 வருடம் தூங்கியது.

நான் அடிக்கடி நினைப்பேன், இது 1713லேயே அச்சாகியிருந்தால் அந்தத் துறையே வேறு கதவு வழியாக ஆரம்பித்திருக்கும்.

கல்லெழுத்து:
அவ்வளவு நம்பிக்கை வேண்டாம் அண்ணே. சீகன்பால்கு கேட்டதெல்லாம் மதம் மாற்றத்தான், அய்யனாரைப் பேய்க் கூட்டத்தின் தலைவராக எழுதியவர்தானே. ஆளைக் கேட்டு எழுதினாலும் கேட்கிறவர் மனசில் முடிவு இருந்தால் பதிலும் அதற்குள்தான் அடங்கும்.

அலைவாய்க்கரை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அய்யனாரைப் பட்டியலில் சேர்த்தாரே. திட்டுவதற்காவது கணக்கில் எடுத்தார். முல்லர் அலமாரியில் திட்டக்கூட இல்லை.

நல்லூர்வீதி:
யாழ்ப்பாணத்திலிருந்து. தமிழை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டையும் ஒருக்கால் பாருங்கோ. முல்லர் இந்தியாவுக்கு ஒருநாளும் வரவே இல்லை, அதனால்தான் புத்தகத்தை மட்டும் பார்த்தார் என்று சொல்வார்கள். அப்படியென்றால் ரீஸ் டேவிட்ஸ்? அவர் இலங்கையில் சிவில் சேவையில் வருடக்கணக்காக இருந்தவர், பாளி படித்ததே ஒரு சிங்களப் பிக்குவிடம். கண்ணெதிரே விகாரை, வெள்ளரசு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் சனம், பிரித் ஓதல், எல்லாம் பார்த்த மனுஷன். லண்டனுக்குத் திரும்பி 1881இல் பாளி நூல் கழகம் தொடங்கினார், இந்த வரிசைக்கும் சுத்தங்கள் எனப்படும் புத்தரின் உரைகளையும், பிக்குகளின் ஒழுக்க விதிகளான வினயத்தையும் மொழிபெயர்த்தார். அவர் புத்தகத்தில் வரும் புத்தர் ஆரவாரமில்லாத, சடங்கை வெறுக்கிற, பகுத்தறிவுப் பேச்சுக்காரர். லூதருக்குக் காவி உடுத்திவிட்டது போல. தான் பார்த்த விகாரைப் பௌத்தத்தை அவர் பின்னால் வந்த சேர்க்கை என்று ஒதுக்கினார்.

ஆகவே நேரில் வந்தால் சரியாகிவிடும் என்பதை நான் நம்ப மாட்டேன். நேரில் பார்த்தவருக்கும் கண்ணாடி அதே கண்ணாடிதான்.

கல்லெழுத்து:
இதற்காகத்தான் காத்திருந்தேன். வார இறுதிகளில் கல்வெட்டு படியெடுக்கப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன், தொழில் வேறு. இந்த "நூல்தான் மதம்" என்பது எங்கே உடைகிறது என்று கல்லில் காட்டலாம்.

வினய நூலைப் படித்தால் பிக்கு பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாது. அதை வைத்து என்ன கதை கட்டினார்கள்? ஸ்தூபி வழிபாடு, தானம், புண்ணியம் சேர்ப்பது எல்லாம் படிக்காத பாமரர்களின் பௌத்தம். பிக்குகள் தியானமும் தத்துவமும். சரி, இப்போது சாஞ்சி ஸ்தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியைப் போய்ப் பாருங்கள். குறுக்குச் சட்டங்களிலும் தூண்களிலும் கொடுத்தவர் பெயர் பிராமி எழுத்தில் இருக்கிறது. சின்னச் சின்ன வரி: இன்ன ஊர், இன்ன பெயர், தானம், அவ்வளவுதான். அதில் வணிகர் உண்டு, குடும்பத்துப் பெண்கள் உண்டு. அதோடு பிக்கு, பிக்குணி என்று போட்டே ஏராளமான பெயர்கள். தூண் செய்து கொடுக்கிற அளவுக்குச் சொத்து பிக்குணியிடம் இருந்திருக்கிறது, தன் பெயரை வெட்டுகிற அளவுக்குப் புண்ணியத்திலும் ஆசை இருந்திருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே படித்துவிட்டார்கள். தொல்லியலாளர் கன்னிங்காம் காலத்திலேயே அச்சிலும் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் இல்லை. கல்லும் நூலும் முரண்பட்டபோது நூல் சொல்வதுதான் உண்மையான பௌத்தம், கல் சொல்வது சீரழிவு என்று வைத்துக்கொண்டார்கள். இதைச் சுட்டிக்காட்டி பௌத்த ஆய்வாளர் கிரெகரி ஷோபன் கட்டுரை எழுதியது 1991இல். நூறு வருடத்துக்கு மேலாகக் கண்ணெதிரே இருந்த ஆதாரம்.

என்னைக் கேட்டால் ஒரு முன்முடிவைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. ஆதாரம் இல்லாமல் தப்பு செய்தால் அது வெறும் அறியாமை. ஆதாரம் மேசையில் இருந்தும் அதற்கு "பிற்காலம்", "பாமரர்" என்று பெயர் வைத்து நகர்த்தினால், அங்கே எதுவோ இருக்கிறது.

வேல்முனை:
எல்லாரும் கிறிஸ்தவப் பார்வை கிறிஸ்தவப் பார்வை என்று சுற்றி வளைக்கிறீர்கள். நான் நேராகச் சொன்னதைத்தானே சொல்கிறீர்கள்? மிஷனரி வேலை.

சுவடியம்மா:
இல்லை தம்பி, இங்கேதான் வித்தியாசம். மிஷனரிகளுக்கு முல்லரைப் பிடிக்காது. ஆக்ஸ்போர்டில் போடன் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவி இருந்தது, இந்தியர்களை மதம் மாற்ற உதவும் என்று ஒரு கர்னல் சொத்து எழுதி வைத்து உண்டாக்கியது. 1860இல் தேர்தல் வந்தது. அன்று இங்கிலாந்தில் முல்லரை விடப் பெயர் பெற்ற வேத அறிஞர் இல்லை. தோற்றார். மோனியர் வில்லியம்ஸுக்கு 833 ஓட்டு, இவருக்கு 610. ஜெர்மன்காரர், கிறிஸ்தவ நம்பிக்கை போதாது என்பதுதான் பிரசாரம். நாட்டுப்புறப் பாதிரிமார் எல்லாம் ஓட்டுப் போட வந்தார்கள். பிறகு 1891இல் கிளாஸ்கோவில் கிஃபோர்டு சொற்பொழிவு நடத்தியபோது அங்கிருந்த பிரஸ்பிட்டரி என்ற திருச்சபைக் குழுவில் இவர் மேல் மதத்துரோகம் என்று புகாரே எழுந்தது.

பைபிளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரே அவர்தான். ஆக்ஸ்போர்டு பெரியவர்கள் விடவில்லை. விளைவு என்ன? "கிழக்கின்" புனித நூல் என்ற அலமாரியில் மற்றவர்கள் நூல் எல்லாம் தராசுத் தட்டில், அவர்கள் நூல் மட்டும் தராசைப் பிடித்திருக்கும் கையில். யாரும் உட்கார்ந்து சதி செய்யத் தேவையில்லை, அலமாரியின் அமைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மனைவிக்கு எழுதிய கடிதமும் நிஜம், இந்தச் சண்டையும் நிஜம். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்கத்தான் சிரமமாக இருக்கிறது.

வேல்முனை:
பைபிள் விஷயம் தெரியாது அம்மா. கடிதம் பற்றி என் கருத்து மாறவில்லை.

நல்லூர்வீதி:
சும்மா சிரிக்க ஒன்று. எல்லாப் புராணக் கதையும் சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பற்றிய பழைய பேச்சு திரிந்து வந்தது என்று முல்லர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1870இல் டப்ளின் கல்லூரி இதழ் ஒன்றில் லிட்டில்டேல் என்ற பாதிரியார் அதே முறையை வைத்து, மாக்ஸ் முல்லர் என்று ஒரு மனிதர் இருந்ததே இல்லை, அவரும் ஒரு சூரியக் கதைதான் என்று நிரூபித்து எழுதினார்! கிழக்கிலிருந்து மேற்கே வந்தார், ஒளி கொண்டுவந்தார், இன்னும் என்ன வேண்டும்.

தேரடித்தெரு:
சிரித்துவிட்டேன். ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் முழுசாகப் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன். "தெரியாதா, ஒதுக்கினார்களா?"

சுவடியம்மா:
தெரியாது என்று சொல்லவே முடியாது. ஜி.யூ. போப் 1880களின் நடுவிலிருந்து ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முல்லரும் அதே ஊர்தான். போப்பின் திருவாசகம், தமிழ் மூலமும் ஆங்கிலமும், 1900இல் வெளிவந்தது. எந்த அச்சகம் தெரியுமா? ஆக்ஸ்போர்டு கிளாரெண்டன். இந்த ஐம்பதை அச்சிட்ட அதே அச்சகம், அதே காலம். வரிசை அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது, இன்னும் பத்து வருடம் ஓடியது. திருவாசகம் தனிப் புத்தகமாக வந்தது, வரிசைக்குள் போகவில்லை.

1899இல் இந்தியத் தத்துவம் பற்றி முல்லர் எழுதிய புத்தகத்திலேயே, தென்னிந்தியாவில் சமஸ்கிருதச் சாயல் இருந்தாலும் சொந்தக் கூறுகளும் உள்ள தத்துவ நூல்கள் இருக்கின்றன, திராவிட மொழிகளைப் படிக்க அறிஞர்கள் ரொம்பக் குறைவு என்று வருத்தப்படுகிறார். அதற்கு நாலு வருடம் முன்பே நல்லசாமிப் பிள்ளை சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் போட்டாகிவிட்டது. ஆக, தெரியும், மதிப்பும் உண்டு, ஆனால் அலமாரி அதற்குள் நிரம்பிவிட்டது.

அலைவாய்க்கரை:
போப்பே சேர்க்க விரும்பாமல் இருந்திருக்கலாமே? தன் புத்தகம் தனியாகத் தெரியட்டும் என்று.

சுவடியம்மா:
இருக்கலாம். அப்படி ஒரு கடிதம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

கல்லெழுத்து:
ஒரு திருத்தம். தமிழ்நாட்டு ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார். 48ஆம் தொகுதியைப் பாருங்கள், 1904. திபோ மொழிபெயர்த்த ஸ்ரீபாஷ்யம், பிரம்ம சூத்திரத்துக்கு ராமானுஜர் எழுதிய உரை. திருவரங்கத்துக்காரர் தான்!

சுவடியம்மா:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ராமானுஜர் எழுதியது அத்தனையும் சமஸ்கிருதம். அதனால் கதவு திறந்தது. அதே திருவரங்கத்தில் அத்யயன உற்சவத்தில் இருபது இருபத்தொரு நாள் பெருமாள் முன்னால் சேவிப்பது ஆழ்வார்களின் தமிழை. அந்தச் சம்பிரதாயத்துக்கு உபய வேதாந்தம் என்றே பெயர், ஒரு கண் சமஸ்கிருதம், ஒரு கண் தமிழ். ஆக்ஸ்போர்டுக்கு ஒரு கண் மட்டும் போய்ச் சேர்ந்தது. திபோ தப்பாக மொழிபெயர்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது, கவனமான வேலை. பிரம்ம சூத்திரத்தின் பொருளுக்குப் பல இடத்தில் சங்கரரை விட ராமானுஜர்தான் நெருக்கம் என்று அந்தக் காலத்திலேயே துணிந்து எழுதியவர். ஆனால் நம்மாழ்வார் இல்லாத ராமானுஜரை வைத்துக்கொண்டு வைணவம் என்றால் இதுதான் என்று இரண்டு தலைமுறை ஐரோப்பா படித்தது.

மலர்க்கொடி_ஆசிரியை:
அப்படியென்றால் என் மாணவனுக்கு நான் என்ன சொல்வது? வரும் திங்கள் அதே பாடம் திருப்புதல்.

அலைவாய்க்கரை:
கட்டத்தை அழித்துவிடுங்கள் டீச்சர். இல்லாவிட்டால் அவன் அப்பாவை வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

மலர்க்கொடி_ஆசிரியை:
பரீட்சையில் கட்டம் வருமே அண்ணா.

தேரடித்தெரு:
திபோவின் முன்னுரையில் ஆழ்வார்கள் பெயர் ஒரு தடவையாவது வருகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? 34ஆம் தொகுதி, 48ஆம் தொகுதி இரண்டிலும் முன்னுரை பார்க்க வேண்டும். நூலகம் சனிக்கிழமைதான் திறக்கும். போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.

பழையபேப்பர்கடை:
34 என்னிடம் இருக்கிறது. இப்போதே புரட்டுகிறேன். முன்னுரையே நூறு பக்கத்துக்கு மேல் போகிறது, கொஞ்சம் பொறுங்கள்.